மட்டாஞ்சேரி நம்பர் வண்டி

கேரளத்தில் ஒரு வண்டியின் நம்பர் கே.எல். 43 என்று தொடங்கினால் அது மட்டாஞ்சேரி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிவானது. இந்த ஒரு விவரத்தை நம்பித்தான் கொழிஞ்சாம்பாறை பக்கத்து விவசாயி ஒருவர் 2019 ஜனவரியில் ஒரு பழைய டிராக்டரை வாங்கினார். விவரம் இல்லாத ஆள் என்று நினைத்துவிட வேண்டாம். அதற்கு ஐந்து மாதம் முன்புதான் பெரியாறு கரையை உடைத்துக்கொண்டு ஆலுவாவிலும் வடக்குப் பறவூரிலும் வீட்டுக் கூரை வரை தண்ணீர் நின்றிருந்தது. மூழ்கிய வண்டிகளைக் கழுவித் துடைத்து விற்கிறார்கள் என்ற பேச்சு பாலக்காடு வரை எட்டியிருந்தது. மட்டாஞ்சேரி அந்த வெள்ளத்துக்குத் தப்பிய இடம். எனவே மட்டாஞ்சேரி நம்பர் வண்டி வெள்ளம் பார்க்காத வண்டி என்று அவர் கணக்குப் போட்டார். கணக்கில் ஒரே ஒரு ஓட்டை. நம்பர் சொல்வது வண்டி எங்கே பதிவானது என்பதை. எங்கே நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது என்பதை அது சொல்லாது.

அவருடைய அக்காவைக் கட்டிக்கொடுத்திருந்தது மட்டாஞ்சேரியில். மச்சான் இங்கே மிளகு கோடவுனில் கணக்குப் பார்ப்பவர். அவர்தான் பஜார் ரோட்டு மாடியில் இருந்த என் வக்கீல் அலுவலகத்துக்கு அவரை அழைத்து வந்தார். 2019 ஆகஸ்ட் மாதம், மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. ஒரு நெகிழிப் பையிலிருந்து காகிதக் கட்டை எடுத்து மேசையில் வைத்துவிட்டு அவர் சொன்ன முதல் வாக்கியம் இன்னும் நினைவிருக்கிறது: “வண்டி இழுக்க மாட்டேங்குதுங்க சார். தவணை மட்டும் இழுத்துட்டுப் போகுது.”

கட்டிலிருந்து தெரிந்தது இது. அவருக்கு நிலம் நாலு ஏக்கர். இரண்டரை ஏக்கர் நெல் வயல், ஒன்றரை ஏக்கர் தென்னை. சித்தூர் தாலுகாவின் கிழக்குப் பக்கத்துக் கருமண். காய்ந்தால் பாறை, நனைந்தால் பசை. வாங்கியது 35 குதிரைத்திறன் டிராக்டரும் அஞ்சடி ரோட்டவேட்டரும். வண்டிக்கு 2,85,000, ரோட்டவேட்டருக்கு 55,000, ஆக 3,40,000 ரூபாய். கையிலிருந்தும் நகையை அடகு வைத்தும் 1,40,000 கொடுத்தார். மீதி 2,00,000 ரூபாயை, விற்ற வியாபாரியே கூட்டிப்போய்க் காட்டிய ஒரு நிதி நிறுவனம் கொடுத்தது. வியாபாரியின் பெயரையோ நிறுவனத்தின் பெயரையோ நான் எழுதப் போவதில்லை. விஷயம் சமாதானத்தில் முடிந்தது, அதற்குரிய மரியாதையைக் கொடுத்தாக வேண்டும்.

நாலு ஏக்கருக்கு எதற்கு 35 குதிரைத்திறன் என்று நான் கேட்டேன். அவர் தந்த பதிலில்தான் முழு வழக்கும் அடங்கியிருந்தது. அன்றைக்கு எனக்கு அது புரியவில்லை. சொந்த நிலத்துக்கு மட்டும் என்றால் 24 குதிரைத்திறன் சின்ன வண்டியும் நாலடி ரோட்டவேட்டரும் போதும், தென்னைகளுக்கு இடையில் சுலபமாகத் திரும்பும், டீசலும் குறைவு என்று அவரே சொன்னார். ஆனால் சொந்த நிலத்தில் வருஷத்துக்கு முப்பது மணி நேரத்துக்கு மேல் வண்டிக்கு வேலை இல்லை. அவர் ஊரில் அப்போது மணிக்கு 900 ரூபாய் வாடகை. வாடகைக்கே உழுதாலும் வருஷத்துக்கு 27,000 ரூபாயோடு முடிந்துவிடும். தவணையோ மாதம் 7,556 ரூபாய், வருஷத்துக்குத் தொண்ணூறாயிரத்துக்கு மேல். டீசல் போக மணிக்கு 600 ரூபாய் சொச்சம் நிற்கும் என்றால், இடைவெளியை நிரப்ப அடுத்தவர் வயலில் நூறு மணி நேரமாவது ஓட்ட வேண்டும். மணிக் கணக்கில் வாடகை கொடுப்பவன் நாலடி உழும் வண்டியைக் கூப்பிட மாட்டான், அஞ்சடி உழும் வண்டியைத்தான் கூப்பிடுவான். ஆகவே பெரிய வண்டி. அதாவது குதிரைத்திறனை முடிவு செய்தது அவருடைய நிலம் அல்ல, அவருடைய கடன்.

அந்தக் கடனையும் பார்த்துவிடலாம். காகிதத்தில் வட்டி 12 சதவீதம் என்றிருந்தது. ஆனால் அது ஃபிளாட் வட்டி. முழு இரண்டு லட்சத்துக்கும் மூன்று வருஷத்துக்கு வட்டி 72,000 என்று முதலிலேயே கூட்டி, 2,72,000 ரூபாயை 36 மாதத்தால் வகுத்துவிடுவார்கள். அசல் மாதாமாதம் குறைந்துகொண்டு வந்தாலும் வட்டி குறையாது. வங்கிகள் சொல்லும் முறையில், குறையும் பாக்கிக்கு மட்டும் வட்டி என்று கணக்கிட்டால் இது 21 சதவீதத்தைத் தாண்டும். அதைவிட எனக்கு உறுத்தியது தவணையின் தாளம். பாலக்காட்டு நெல் விவசாயியின் கைக்குப் பணம் வருவது வருஷத்தில் இரண்டு முறை. டிராக்டர் கடனுக்கு அரையாண்டுத் தவணை என்பது புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய ஏற்பாடு அல்ல, வங்கிகளில் வழக்கத்தில் இருப்பது. ஆனால் ஆறு வருஷப் பழைய வண்டிக்குக் கடன் கொடுக்க அவர் ஊர் வங்கி முன்வரவில்லை; முன்வந்தவர்கள் மாதத் தவணைதான் என்றார்கள்.

ஜூன் மாதம் முதல் போகத்துக்கு வயலில் இறக்கினபோது வண்டி திணறியது. வெறும் வண்டியாக ரோட்டில் நன்றாக ஓடியது. ரோட்டவேட்டரை மண்ணில் இறக்கிய உடனே கறுப்பாகப் புகைந்து, சத்தம் தாழ்ந்து, நின்றது. ஹைட்ராலிக்கும் தூக்க நேரமெடுத்தது. இரண்டு முறை ஆயில் மாற்றினார்; இரண்டாம் முறை வடித்த கியர் ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தது. அது தண்ணீர் சேர்ந்ததற்கான அடையாளம். பெரும்பாலான டிராக்டர்களில் கியர், பின் அச்சு, ஹைட்ராலிக் மூன்றும் ஒரே எண்ணெயில் ஓடுகின்றன. ஒரு பக்கம் தண்ணீர் புகுந்தால் மூன்றுக்கும் சேதம். ஜூலையோடு தவணை கட்டுவதை நிறுத்திவிட்டார். அதுவரை ஐந்து தவணை கட்டியிருந்தார்.

இங்கேதான் எங்கள் தொழிலில் தினமும் பார்க்கும் ஒரு விதி, வெளியே இருப்பவருக்கு அநியாயமாகத் தெரியும். வண்டி வாங்கியது ஓர் ஒப்பந்தம், கடன் வாங்கியது வேறோர் ஒப்பந்தம். வண்டியின் தரத்துக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை என்று கடன் பத்திரத்தில் ஒரு பத்தி இருக்கும். எல்லாக் கடன் பத்திரங்களிலும் இருக்கும். விற்றவனும் கடன் கொடுத்தவனும் ஒரே மேசையில் உட்கார்ந்து டீ குடித்துக் கையெழுத்து வாங்கியிருந்தாலும் சட்டத்தின் பார்வையில் அவர்கள் அந்நியர்கள். பிரிட்டனில் 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டம் 75ஆம் பிரிவில், விற்பவரோடு ஏற்பாடு வைத்துக் கடன் கொடுத்தவர் விற்பவரின் தவறுக்கும் சேர்ந்து பொறுப்பேற்க வேண்டும் என்று ஒரு வரம்புக்குள் சொல்லியிருக்கிறது. நம்மிடம் அப்படி ஒரு பிரிவு இல்லை. செத்துக் கிடக்கும் வண்டிக்குத் தவணை உயிரோடு ஓடிக்கொண்டேயிருக்கும்.

தவணை நின்ற இரண்டாம் மாதம் வண்டியை எடுத்துப்போக ஆட்கள் வந்தார்கள். கடன் பாக்கிக்காக வண்டியை எடுப்பதென்றாலும் அடியாட்களை வைத்து மிரட்டி எடுக்கக் கூடாது, சட்ட வழியில்தான் போக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2007இல் பிரகாஷ் கவுர் வழக்கிலும் 2011இல் விஜயலட்சுமி வழக்கிலும் சொல்லியிருக்கிறது. அதை வைத்து நான் நோட்டீஸ் அனுப்பினேன். ஆனால் உண்மையில் அன்று வண்டியைக் காப்பாற்றியது உச்ச நீதிமன்றம் அல்ல. வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. வந்தவர்கள் அரை மணி நேரம் முயன்று பார்த்துவிட்டு, இதைக் கட்டி இழுக்க இன்னொரு டிராக்டர் வேண்டும் என்று சொல்லித் திரும்பிப் போனார்கள்.

2019 செப்டம்பரில் எர்ணாகுளம் மாவட்ட நுகர்வோர் மன்றத்தில் புகார் பதிவு செய்தோம். அப்போது நடப்பில் இருந்த 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி எதிர்தரப்பு எங்கே தொழில் செய்கிறதோ, அல்லது விற்பனை எங்கே நடந்ததோ அங்கேதான் போக வேண்டும். எனவே ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவர் நூற்றைம்பது கிலோமீட்டர் போல் வந்து போனார். 2020 ஜூலை 20 அன்று புதிய சட்டம் அமலுக்கு வந்தது. புகார் செய்பவர் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம் என்றது. பத்து மாதம் பொறுத்திருந்தால் பாலக்காட்டிலேயே போட்டிருக்கலாம். பத்து மாதம் பொறுக்கும் விவசாயிக்கு வக்கீல் தேவைப்படுவதில்லை என்பது வேறு விஷயம்.

எதிர்தரப்பு வக்கீல் கெட்டிக்காரர், எனக்கு மூத்தவர். அவர் மூன்று அம்புகளை வைத்திருந்தார். முதலாவது, இவர் நுகர்வோரே அல்ல. வாடகைக்கு ஓட்டி லாபம் பார்க்க வாங்கிய வண்டி, எனவே வணிக நோக்கம். என் கட்சிக்காரர் அக்கம்பக்கத்தில் ஓட்டிய மணிகளை ஒரு பழைய டைரியில் எழுதி வைத்திருந்தார். அதை நாங்களே ஆவணமாகக் கொடுத்திருந்தோம். தவணையை எப்படிக் கட்ட நினைத்தார் என்று காட்டக் கொடுத்த டைரி, அவருக்கு எதிரான சாட்சியாகத் திரும்பியது.

இதற்கு மருந்து 1995இல் வந்த ஒரு தீர்ப்பில் இருந்தது. லட்சுமி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் என்ற நிறுவனத்துக்கும் கோவை பி.எஸ்.ஜி. தொழில் நிறுவனத்துக்கும் இடையே ஒரு இயந்திரத்தைப் பற்றி நடந்த வழக்கு அது. அதில் உச்ச நீதிமன்றம் கோடு கிழித்துக் காட்டியது: பிழைப்புக்காக ஆட்டோ வாங்கித் தானே ஓட்டுகிறவர் நுகர்வோர்தான், துணைக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டாலும் நுகர்வோர்தான், வாங்கி முழுக்க இன்னொருவரை ஓட்டச் சொல்லிவிட்டு வருமானம் வாங்குகிறவர் அப்படியல்ல. எனவே கேள்வி வாடகை வாங்கினாரா என்பதல்ல, ஸ்டியரிங் யார் கையில் இருந்தது என்பது. டைரியில் ஒவ்வொரு வரியிலும் “நான்” அல்லது “தம்பி” என்று எழுதியிருந்தது. தம்பி என்றது அவர் மகனை. அந்த ஒரு சொல் எழுதும் பழக்கம் எங்களைக் காப்பாற்றியது. சம்பளத்துக்கு ஒரு டிரைவரை வைத்திருந்தால், அதே வண்டி, அதே கோளாறு, ஆனால் மன்றத்தின் வாசலிலேயே திரும்பியிருப்போம்.

இரண்டாவது அம்பு, பழைய வண்டி, பார்த்து வாங்கினார், உள்ளது உள்ளபடி. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டமும் பொதுவாக அந்தப் பக்கம்தான் சாய்ந்திருக்கிறது: வாங்குபவன் விழித்திருக்க வேண்டும். ஆனால் 16ஆம் பிரிவில் ஒரு விதிவிலக்கு உண்டு. எந்த வேலைக்காக என்று வாங்குபவர் சொல்லி, விற்பவரின் அறிவை நம்பி வாங்கினால், அந்த வேலைக்குப் பொருள் தகுதியாக இருக்கும் என்ற வாக்கு அந்த விற்பனையில் அடங்கியிருப்பதாகக் கொள்ள வேண்டும். அப்படியானால் அவர் சொன்னாரா? சொல்லியிருந்தார், வாட்ஸ்ஆப்பில், குரல் செய்தியாக. கருமண், சேற்று உழவு, அஞ்சடி போட்டால் இழுக்குமா என்று தமிழில் கேட்டிருந்தார். “அஞ்சடி சுகமாயிட்டு வலிக்கும் சேட்டா” என்று மலையாளத்தில் பதில் வந்திருந்தது. கண்ணாடி விரிசல் விட்ட அந்தப் பழைய போனை மாற்ற வேண்டாம், சார்ஜ் போட்டுப் பத்திரமாக வையுங்கள் என்று நான் முதல் நாளே சொல்லியிருந்தேன். வழக்கில் நான் செய்த உருப்படியான காரியங்களில் அது ஒன்று. பதிவு பிறந்த கருவியையே கொண்டுவந்து வைத்துவிட்டால் நகலுக்கு வேண்டிய சான்றிதழ்ச் சண்டையே எழாது.

மூன்றாவது அம்புதான் கூர்மையானது. வண்டியில் கோளாறு இல்லை, ரோட்டவேட்டர்தான் பெரிது என்றார்கள். இந்த வாதத்தை அலட்சியப்படுத்த முடியாது. டிராக்டருக்குச் சொல்லும் 35 குதிரைத்திறன் எஞ்சினில் பிறப்பது. ரோட்டவேட்டரைச் சுழற்றுவது பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பி.டி.ஓ. தண்டு, அங்கே போய்ச் சேரும்போது பத்துப் பதினைந்து சதவீதம் குறைந்து முப்பது அல்லது அதைச் சற்று ஒட்டி நிற்கும். ரோட்டவேட்டருக்கு அடிக்கு ஆறேழு குதிரைத்திறன் என்பது பட்டறைகளில் சொல்லும் கைக்கணக்கு. அஞ்சடிக்கு முப்பது முதல் முப்பத்தைந்து. ஈரமான கருமண்ணில் கணக்கின் மேல் நுனியைத்தான் எடுக்க வேண்டும். ஆக, வண்டி புத்தம் புதிதாக இருந்தாலும் இது இறுக்கமான பொருத்தம். புது டிராக்டர் வாங்குகிறவர்கள் மத்தியப் பிரதேசத்தில் புத்னியில் இருக்கும் மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பரிசோதனை நிலைய அறிக்கையில் அந்த மாடலின் பி.டி.ஓ. சக்தியைப் பார்த்துக்கொள்ளலாம். அந்த அறிக்கை மாடலைப் பற்றியது. ஆறு வருஷம் உழைத்து, தண்ணீரில் நின்ற ஒரு குறிப்பிட்ட வண்டியைப் பற்றி அது என்ன சொல்லும்?

மன்றம் ஒரு நிபுணரை ஆணையராக நியமித்தது. வேளாண் பொறியியல் படித்து ஓய்வு பெற்ற ஆசிரியர். 2020 ஜனவரியில் கொழிஞ்சாம்பாறைக்கு வந்தார், நானும் போயிருந்தேன். சர்வீஸ் செய்து வண்டியை எப்படியோ ஓடும் நிலைக்குக் கொண்டுவந்திருந்தார்கள். அவர் கையோடு வாடகைக்கு ஒரு நாலடி ரோட்டவேட்டரை ஏற்றி வந்திருந்ததைப் பார்த்தபோது எனக்கு அவர் மேல் மரியாதை பிறந்தது. முதலில் எதுவும் மாட்டாமல் தண்டு நிமிஷத்துக்கு 540 சுற்று வரும்படி எஞ்சினை வைத்து, கையடக்க மீட்டரால் அளந்தார். அஞ்சடியை மாட்டி நான்கு விரல் ஆழம் இறக்கினார். சுற்று 400க்குக் கீழே போய் வண்டி இருமியது. பிறகு அதை அவிழ்த்துவிட்டு நாலடியை மாட்டி, அதே வயலில், அதே ஆழத்தில் இறக்கினார். அப்போதும் சுற்று 450ஐத் தாண்டவில்லை. 24 குதிரைத்திறன் வண்டி இழுக்க வேண்டிய கருவியை 35 குதிரைத்திறன் வண்டியால் இழுக்க முடியவில்லை என்றால் குற்றம் கருவியின் அகலத்தில் இல்லை. மூன்றாவது அம்பு அந்த வயலிலேயே முறிந்தது.

அதற்குப் பிறகு செய்ததுதான் எனக்கு மறக்காதது. ஏர் கிளீனரின் அடிக் கிண்ணத்தைக் கழற்றினார். இந்த வகை வண்டிகளில் காற்று எண்ணெய் வழியாக வடிகட்டப்பட்டுப் போகும். கிண்ணத்தில் எண்ணெய் நிற்க வேண்டிய மட்டத்துக்கு ஒரு கோடு உண்டு. அந்தக் கோட்டுக்கு வெகு மேலே, உள் குழாயைச் சுற்றி, இன்னொரு கோடு இருந்தது. காய்ந்த வண்டல் விட்ட வளையம். பிறகு படுத்துக்கொண்டு, எஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் இடையில் கிளட்ச் உறையின் அடியில் உள்ள சிறு துளையில் ஒரு கம்பியை விட்டுக் கிளறினார். வெள்ளைக் கைக்குட்டையில் கொட்டியது கருமண் அல்ல. சாம்பல் நிறம், மாவு போல நைசு. பறவூர்க்காரர்கள் அந்த ஆகஸ்டுக்குப் பிறகு வாரக் கணக்கில் வீட்டிலிருந்து அள்ளிக் கொட்டிய அதே ஆற்று வண்டல். “வண்டியை வெளியே கழுவுவாங்க, பெயிண்ட் அடிப்பாங்க, ஆயில் மாத்துவாங்க. இந்தத் துளைக்குள்ள யாரும் கைவிட மாட்டாங்க” என்றார் அவர். தண்ணீர் புகுந்த சிலிண்டர் சுவரில் துரு புள்ளி புள்ளியாகக் குழி பறித்திருக்க வேண்டும், அழுத்தம் கசிந்து சக்தி போயிருக்க வேண்டும் என்று அறிக்கையில் எழுதினார். மணி மீட்டர் 1,900 காட்டியது. அது பொய் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். தண்ணீரில் நிற்கும் நேரத்தை அந்த மீட்டர் எண்ணுவதில்லை.

வெள்ளத்தில் நின்ற வண்டி என்பது சரி. விற்றபோது வியாபாரிக்கு அது தெரியுமா? தெரிந்தே மறைத்தார் என்று நிறுவினால்தான் முழுப் பணத்துக்கும் உரிமை கேட்க முடியும் என்று எனக்குத் தோன்றியது. விடை முதல் நாள் என் மேசையில் வைத்த காகிதக் கட்டிலேயே இருந்திருக்கிறது. ஐந்து மாதமாக நான்தான் படிக்கவில்லை. அதில் இரண்டு இன்சூரன்ஸ் பாலிசிகள் இருந்தன, பழைய வருஷத்தது ஒன்று, விற்பதற்குச் சற்று முன் புதுப்பித்தது ஒன்று. பழையதில் நோ கிளெய்ம் போனஸ் என்ற இடத்தில் 35 சதவீதத் தள்ளுபடி. புதியதில் பூஜ்யம். நஷ்ட ஈடு கேட்காத ஒவ்வொரு வருஷத்துக்கும் ஏறிக்கொண்டு போகும் தள்ளுபடி அது. உரிமையாளர் பெயர் மாறாமல் ஒரே வருஷத்தில் பூஜ்யத்துக்கு விழுந்தால், பெரும்பாலும் இடையில் யாரோ கிளெய்ம் செய்து பணம் வாங்கியிருக்கிறார்கள் என்று பொருள். பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் டயரைத் தட்டிப் பார்க்கிறார்கள், ஆயில் குச்சியை முகர்ந்து பார்க்கிறார்கள். பாலிசியின் இந்தக் கட்டத்தைப் பார்த்தவரை நான் கண்டதில்லை.

இரண்டு பாலிசியும் யார் பெயரில்? பஜார் ரோட்டிலிருந்த ஒரு மலஞ்சரக்கு வியாபாரியின் பெயரில். என் அலுவலகத்திலிருந்து நடந்து போகும் தூரம். ஆர்.சி.யும் இன்னும் அவர் பெயரில்தான் இருந்தது. அவர் இஞ்சியும் மிளகும் விற்பது மட்டாஞ்சேரியில். நெல்லும் தென்னையும் வைத்திருந்தது பறவூர் பக்கம். டிராக்டர் பதிவானது வீட்டு விலாசத்தில், நின்றது வயலில். வெள்ளத்துக்குப் பிறகு பழுது பார்ப்பதற்கென்று இன்சூரன்ஸ் பணம் வாங்கி, பழுது பார்க்காமல், உள்ளபடியே சொல்லி, குறைந்த விலைக்குப் பழைய வண்டி வியாபாரிக்குக் கொடுத்திருக்கிறார். கூடவே விற்பனை அறிவிப்புக்கான 29ஆம் படிவத்திலும் பெயர் மாற்றத்துக்கான 30ஆம் படிவத்திலும் வாங்குபவர் பெயரை நிரப்பாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். கைமாறும் வண்டிகளில் பாதிக்கு மேல் இப்படித்தான் மாறுகின்றன என்று சொன்னால் எந்த ஆர்.டி.ஓ. ஏஜெண்டும் மறுக்க மாட்டார். நடுவில் இருக்கும் வியாபாரியின் பெயர் எந்தக் காகிதத்திலும் வராமல் போவதற்கான வழி அது.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆம் பிரிவு, விற்றவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்கிறது. தெரிவிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் நவீன் குமார் வழக்கில் கறாராகச் சொல்லியிருந்தது: வண்டி எத்தனை கை மாறினாலும், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ விபத்து நஷ்ட ஈட்டுக்கு அவரே உரிமையாளர். நான் அந்த மலஞ்சரக்கு வியாபாரியின் கடைக்குப் போய், சுக்கு மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து இதை மட்டும் சொன்னேன். மிரட்டவில்லை. கொழிஞ்சாம்பாறையில் அந்த டிராக்டர் யார் மேலாவது ஏறியிருந்தால் வக்கீல் நோட்டீஸ் இந்தக் கடைக்குத்தான் வந்திருக்கும் என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு உள்ளே போய் ஒரு ஃபைலைக் கொண்டுவந்தார். இன்சூரன்ஸ் சர்வேயர் அவருக்குக் கொடுத்த அறிக்கையின் நகல், படங்களோடு. படத்தில் தண்ணீர் சீட்டு வரை நின்றது. ஃபைலில் இன்னொன்றும் இருந்தது: பழைய வண்டி வியாபாரி எழுதிக் கொடுத்த ரசீது, “வெள்ளத்தில் மூழ்கிய நிலையில்” என்ற சொற்களோடு.

அந்த ரசீதைத் தாக்கல் செய்த பிறகு எதிர்தரப்பு சமாதானம் பேசியது. நடுவில் கொரோனா ஊரடங்கு. எல்லாமே நின்று, 2021 பிப்ரவரியில்தான் முடிந்தது. வண்டியையும் ரோட்டவேட்டரையும் வியாபாரி திரும்ப எடுத்துக்கொள்வது, 1,40,000 ரூபாயைக் கொடுத்துவிடுவது, நிதி நிறுவனத்தோடு பேசிக் கடனைத் தானே தீர்ப்பது என்று ஏற்பாடு. கட்டிய ஐந்து தவணை, 37,780 ரூபாய், போனது போனதுதான். இடையில் நாலு போகத்துக்கு வாடகை வண்டி வைத்து உழுததும் கணக்கில் வரவில்லை. நான் அவரை ஒப்புக்கொள்ளச் சொன்னேன். இறுதி உத்தரவுக்கும் அதன் மேல் முறையீட்டுக்கும் காத்திருந்தால் இன்னும் மூன்று வருஷம் ஆகும், அதுவரை கடன் அவர் தலையில் ஓடும். இப்போதும் அந்த யோசனை சரி என்றே நினைக்கிறேன்.

தவறியது வேறிடத்தில். வியாபாரி நிதி நிறுவனத்தோடு பேரம் பேசி, பாக்கியில் ஒரு பகுதியைக் கட்டிக் கணக்கை முடித்தார். நிறுவனம் பாக்கி இல்லை என்று கடிதம் கொடுத்தது. நான் அதைப் பார்த்துத் திருப்திப்பட்டேன். ஆனால் கடன் தகவல் நிறுவனத்துக்கு அவர்கள் அனுப்பிய விவரத்தில் அந்தக் கணக்கு “குளோஸ்டு” என்று போகவில்லை, “செட்டில்டு” என்று போயிற்று. பேச்சு வழக்கில் இரண்டும் ஒன்று. வங்கி மேலாளருக்கு முதல் சொல்லின் பொருள், கடனைக் கட்டினான். இரண்டாவதன் பொருள், முழுதாகக் கட்டாமல் குறைத்துக் கட்டினான். சமாதானப் பத்திரத்தில் ஒரு வரி சேர்த்திருந்தால் போதும்: முழுத் தொகையும் கட்டிக் கணக்கு மூடப்பட்டதாக அறிவிக்க வேண்டும் என்று. அந்த வரியை நான் எழுதவில்லை. முப்பது வருஷத் தொழிலில் பிழைகள் பல செய்திருக்கிறேன். மற்றவை எனக்குத் தெரியாததால் வந்தவை, இது களைப்பால் வந்தது.

2022இல் அவர் 24 குதிரைத்திறன் புது வண்டிக்காக, முதலில் வாங்கியிருக்க வேண்டிய அந்தச் சின்ன வண்டிக்காக, ஊர் வங்கிக்குப் போனார். மேலாளர் கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு மறுத்தார். அவர் எனக்குப் போன் செய்து கோபப்படாமல் கேட்டார்: “சார், நாமதானுங்களே ஜெயிச்சோம்?” என்னிடம் பதில் இல்லை. கணக்கைத் திருத்தச் சொல்லி எழுதிப் பார்த்தோம். குறைத்துக் கட்டியது உண்மைதானே என்று பதில் வந்தது, அதில் பொய் இல்லை.

கடைசியில் மகன் பெயரில் கடன் கிடைத்தது, அரையாண்டுத் தவணையில். சில மாதம் கழித்து வாட்ஸ்ஆப்பில் ஒரு படம் வந்தது. சித்தூர் அலுவலகத்தின் கே.எல். 70 நம்பரோடு, மகன் பெயரில் ஆர்.சி. கீழே குரல் செய்தி: “சார், இதுல எல்லாம் சரியா இருக்குங்களா, ஒருக்கா பாத்துச் சொல்லுங்க.” பெயர், சேஸிஸ் நம்பர், வங்கியின் பெயர் இருந்த ஹைப்பாத்திகேஷன் வரி எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். இன்சூரன்ஸ் பாலிசியையும் அனுப்பச் சொன்னேன்.